முதல் வருஷக் கடிதமும் பொங்கி வழிஞ்ச மாவும்

ஈரோட்டுக்காரி
வர்ற வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். பரிசெல்லாம் வேண்டாம், ஆளுக்கொரு கடிதம் எழுதிக்கலாம்னு பேசி வெச்சிருக்கோம். நான் எழுதிட்டேன். ஒரு பத்தியை மட்டும் வெக்கிறதா எடுத்துடுறதான்னு குழப்பம்.

நான் ஈரோடு, அவர் நாகர்கோவில், குடித்தனம் மேற்கு மாம்பலம். தேங்காய் எண்ணெயா கடலை எண்ணெயான்னு சண்டை வரும்னு ஊர்ல எல்லாரும் பயமுறுத்தினாங்க. அது வரவே இல்ல. அடுப்புப் பக்கத்துல ரெண்டு பாட்டில் நிக்குது, அவ்வளவுதான். சண்டை வந்தது இட்லி மாவுல.

ஞாயிற்றுக்கிழமை நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். அரைக்கிறது நான், கிரைண்டர் கழுவுறது அவர். டிசம்பர்ல ராத்திரி பத்து மணிக்கு மூடி வெச்ச மாவு காலையில ஏழு மணிக்கும் அசையாமக் கிடக்கும். மே மாசம் அதே மாவு விடியறதுக்குள்ள பொங்கி, மேடையில வழிஞ்சு, சிலிண்டர் வரைக்கும் ஒழுகியிருக்கும். மூணு ஞாயிறு இதே கதை. மூணாவது தடவை அவர் மேடையைத் துடைச்சுக்கிட்டே, "நீ சொல்லியிருந்தா எடுத்து ஃபிரிட்ஜ்ல வெச்சிருப்பேனே"ன்னார். நல்ல மனசோடதான் சொன்னார். எனக்கு அன்னிக்கு முழுக்கப் பேச்சே வரல. கேட்டதுக்குத் தலைவலின்னுட்டேன். கடைக்கு ஓடிப்போய் தைலம் வாங்கிட்டு வந்து நெத்தியில தேச்சு விட்டார்.

கடிதத்துல இருக்கற பத்தி இதுதான்: "மாவை எடுத்து வெக்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்துக்காக ராத்திரியெல்லாம் அரைத்தூக்கத்துல கிடந்தவ நான். அன்னிக்கு எனக்குத் தலைவலி இல்ல."

ஜூன்லேர்ந்து ஊறப்போடறது முதல் ஃபிரிட்ஜ்ல வெக்கிறது வரை எல்லாம் அவர் பொறுப்புன்னு பேசி முடிச்சோம். முதல் வாரம் இட்லி அப்பளம் மாதிரி வந்துச்சு. உளுந்தைப் பத்து நிமிஷத்துல எடுத்துட்டார். வாயைத் திறக்காம சாப்பிட்டேன், அதுதான் இந்த வருஷத்துல நான் பட்ட பெரிய பாடு. இப்போ படுக்கறதுக்கு முன்னாடி பால்கனிக்குப் போய் நின்னு புழுக்கத்தைப் பார்த்துட்டு அலாரம் வெக்கிறார். தலைவலியை மட்டும் இன்னும் நம்பிக்கிட்டிருக்கார். அந்தப் பத்தி வேணுமா?

தாம்பரம் பாட்டி
இதுக்குப் போயா அலாரம்! உளுந்தை ஐஸ் தண்ணி தெளிச்சு அரைமணி நேரம் அரைக்கச் சொல்லு, கிரைண்டர் சூடு மாவுல ஏறாது. அரைச்சதும் ஃபிரிட்ஜ்ல வெச்சுட்டு, படுக்கப் போறப்ப வெளியில எடுத்து வெச்சாப் போதும். குளிர்ந்த மாவு நிதானமாத்தான் பொங்கும். பாத்திரத்துல பாதிக்கு மேல ஊத்தாதீங்க. புளிச்சுப்போனா வெங்காயம் போட்டு ஊத்தப்பம், இல்லேன்னா பணியாரம்.

திருச்சி பேச்சிலர்
உப்பு போட்டாத்தான் மாவு சீக்கிரம் புளிக்கும். காலையில போடுங்க, பிரச்சினை தீர்ந்தது.

தாம்பரம் பாட்டி
தம்பி, தலைகீழாச் சொல்றே. உப்பு புளிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். வெயில் காலத்துல அரைச்ச கையோட போடணும். நீ சொல்ற காலை உப்பு மார்கழிக்குச் சரி.

கோவை ரிட்டயர்டு
அந்தப் பத்தி வேண்டாம்மா. முதல் வருஷம் நானும் கடிதம் எழுதினேன், பாசத்தோட நாலு குறையும் சேர்த்து. 31 வருஷமாச்சு. பாசம் எழுதின பக்கம் எங்க போச்சோ, குறை எழுதின பக்கம் பீரோவுல பத்திரமா இருக்கு. வாயால சொன்னது காத்தோட போயிடும். சாயந்திரம் டீ குடிக்கறப்ப சிரிச்சுக்கிட்டே சொல்லிடுங்க.

மதுரை மருமகள்
நீங்க தனிக்குடித்தனம், அதனால மாவை அவர்கிட்ட குடுத்துட்டீங்க. எங்க வீட்டுல அவர் கிரைண்டர் பக்கம் வந்தாலே மாமியார் எழுந்து வந்துடுவாங்க. "நீ சொல்லியிருந்தா" எங்க வீட்டுலயும் தினம் கேக்கற வசனம்தான். நான் கடிதம் எழுதினா ஒரு பத்தியில நிக்காது. நீங்க வெச்சிடுங்க. தலைவலின்னு சொல்லியே அத்தனை வருஷம் ஓட்டினவங்க எங்கம்மா.

ஈரோட்டுக்காரி
கோவை சார் சொன்னதுல பயந்து, பத்தியைத் தனித்தாள்ல எழுதி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை டீ நேரம் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டு முடிவு பண்றேன். தைலம் இன்னும் பாதி பாட்டில் இருக்கு.

பாட்டி, உங்க ஃபிரிட்ஜ் யோசனை பிரமாதம். ஆனா அதை அவர்கிட்ட நான் போய்ச் சொன்னா, மாவு திரும்ப என் மாவா ஆயிடாதா?