ட்ராயிங் டைட்டில் பிளாக், ஸ்டாண்டர்ட் பார்ட் பேரு ரஷ்யன்ல போட்டவங்க அனுபவம் சொல்லுங்க

கியர்பாக்ஸ் மீனா: நாங்க கோயம்புத்தூர்ல சின்ன யூனிட், ரஷ்யாக்கு கியர்பாக்ஸ் பார்ட்ஸ் போற ஒரு ஆர்டர்ல ட்ராயிங் எல்லாம் அவங்க ஃபார்மட்ல ரஷ்யன்ல வேணும்னு கேட்டுட்டாங்க. வார்த்தைக்கு வார்த்தை மாத்துனா போதும்னுதான் எங்க ஓனர் நெனச்சாரு. அந்த 185க்கு 55 மில்லி டைட்டில் பிளாக்ல இருக்குற கட்டம் நம்ம கட்டம் இல்லைங்க. நம்மள்ல டிரான், செக்ட், அப்ரூவ்ட் மூணோட முடிஞ்சிரும், அங்க `Разраб.`, `Пров.`, `Т. контр.`, `Н. контр.`, `Утв.` வரிசையா நிக்குது. எங்களுக்கு முன்னாடி செஞ்ச ஏஜென்சி `Т. контр.`ல எங்க க்யூசி பையன் பேரைப் போட்டு வெச்சிருந்தாங்க. அது தரம் பாக்குறவர் இல்ல, இந்த பார்ட்டை மெஷின்ல செய்ய முடியுமான்னு பாக்குற ப்ராசஸ் ஆளு. `Н. контр.` வந்து ட்ராயிங் ஸ்டாண்டர்ட் படி இருக்கான்னு பாக்குறவர், அப்படி ஒருத்தர் எங்க கம்பெனில இல்லவே இல்ல.

இன்னொண்ணு, வெயிட் கட்டம். நாங்க கிராம்ல 850ன்னு எழுதுவோம், அங்க யூனிட் போட மாட்டாங்க, சும்மா எண் இருந்தா கிலோன்னு அர்த்தம். அதனால 0,85, நடுவுல புள்ளி இல்ல, கமா.

வால்வுக்காரன்: போல்ட்டு நட்டெல்லாம் ரொம்ப யோசிக்காதீங்க சிஸ்டர். ஜெர்மன் ஸ்டாண்டர்ட் டின் 931 இருந்தா ரஷ்யன் ஸ்டாண்டர்ட் காஸ்ட் 7798ன்னு மாத்திருங்க, எம் 16, எம் 20ல நாங்க பண்ணிட்டுதான் இருக்கோம், ஒரு கம்ப்ளைண்ட் வரல.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்: தம்பி, அந்த ரெண்டு சைஸ்லயும் தலை அளவு ரெண்டு ஸ்டாண்டர்டுக்கும் ஒண்ணுதான், 24, 30. அதான் உங்களுக்குத் தெரியல. எம் 12ல டின் 19 ஸ்பேனர், காஸ்ட் 18. எம் 10ல 17, 16. கையில இருக்குற 19 ஸ்பேனர் 18 தலையில வழுக்கும். அதனால லைன்ல இப்படி முழுசா வரணும்:

```
Болт М12-6g×60.58 (S18) ГОСТ 7798-70
```

கடைசில இருக்குற 58 வந்து 5.8 கிரேடு, புள்ளியை அவங்க விட்டுருவாங்க. பாத்துட்டு 60.58 மில்லி நீளம்னு எடுத்துக்கிட்ட ஸ்டோர் ஆளுங்களை நான் பாத்துருக்கேன்.

பேரிங்தான் பெரிய வில்லன் மீனா. உங்க லிஸ்ட்ல 30205 இருக்குமே?

கியர்பாக்ஸ் மீனா: இருக்கு சார். அது 7205ன்னு வருதுன்னு அவங்க அனுப்புன டேபிள்ல பாத்தேன், ஆனா எங்க கேட்டலாக்ல 7205 ஆங்குலர் காண்டாக்ட் ஆச்சே, டேபிளே தப்போன்னு நிறுத்தி வெச்சிருக்கேன்.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்: டேபிள் சரி, கேட்டலாக்கும் சரி. ரஷ்யன் நம்பர்ல வலப்பக்கத்துல இருந்து நாலாவது இலக்கம்தான் டைப் சொல்லும். அங்க 7 இருந்தா டேப்பர் ரோலர், 6 இருந்தா ஆங்குலர் காண்டாக்ட், சாதா பால் பேரிங்குக்கு பூஜ்யம், முன்னாடி வேற எண் இல்லன்னா அந்தப் பூஜ்யத்தை எழுதுறதே இல்ல. அதான் நம்ம 6205 அங்க வெறும் 205, ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வெச்சது 180205. கேட்டலாக்ல இருக்குற உங்க 7205 அங்க 46205 மாதிரி வரும், காண்டாக்ட் ஆங்கிள் பொறுத்து முதல் எண் மாறும்.

ஆபத்து என்னன்னா ரெண்டு 7205க்கும் போர் 25, வெளி விட்டம் 52. ஷாஃப்ட்லயும் ஹவுசிங்லயும் பிரச்சனையே இல்லாம உக்காந்துரும். டேப்பர் அகலம் 16.25, ஆங்குலர் 15. அந்த 1.25 மில்லிதான் அசெம்ப்ளில காட்டிக்கொடுக்கும், அதையும் யாராவது ஷிம் போட்டு சரிபண்ணிட்டா முடிஞ்சது கதை. நம்பரை மட்டும் எழுதாம `Подшипник 7205А ГОСТ 27365-87`ன்னு ஸ்டாண்டர்டோட எழுதுங்க, நம்ம ஊர் ஸ்டோர் காப்பில மட்டும் 30205னே இருக்கட்டும்.

சென்னைவாசி_22: ஆழ்வார்பேட்டை ரஷ்யன் சென்டர்ல கோர்ஸ் முடிச்சா இந்த மாதிரி வேலை கிடைக்குமா? சம்பளம் எவ்ளோ?

வால்வுக்காரன்: ப்ரோ, இங்க பேரிங் ஓடிட்டு இருக்கு 😄 தனியா ஒரு திரி போடுங்க. எம் 12 மேட்டர் எனக்கு புதுசு சார், பழைய ஆர்டர்ல எம் 12 போனதான்னு நாளைக்கே தேடுறேன்.

தெற்குக்கரை: நான் கூடங்குளத்துல கான்ட்ராக்ட்ல இருந்தப்ப இதோட தலைகீழ், ரஷ்யன்ல இருந்து இங்கிலீஷ். `Лит.` கட்டத்தை ஒருத்தர் லிட்டர்னு போட்டாரு, டேங்க் ட்ராயிங் வேற, யாருக்கும் சந்தேகமே வரல. `Лист`ன்னு இருந்தா சில இடத்துல ட்ராயிங் ஷீட்டு, மெட்டீரியல் கட்டத்துல இருந்தா தகடு. கட்டத்தைப் பாத்துதான் வார்த்தையைப் பாக்கணும்.

கியர்பாக்ஸ் மீனா: அண்ணா அந்த `Лит.`தான் எனக்கும் நிக்குது. ட்ராயிங் எந்த ஸ்டேஜ்ல இருக்குன்னு சொல்ற எழுத்துன்னு தெரியும், சீரியல் ப்ரொடக்‌ஷன்னா `А`. எங்க பார்ட் இங்க பல வருஷமா ஓடுது, ஆனா அவங்களுக்கு இது முதல் லாட். `А` போடவா, இல்ல சாம்பிள் மாதிரி `О` போடவா?

பழைய டிராஃப்ட்ஸ்மேன்: காலியா விடுங்க, அவங்க நிரப்பிக்கட்டும்.

தெற்குக்கரை: காலியா விட்டா திருப்பி அனுப்புற ஆளுங்களும் இருக்காங்க சார். டிசைன் யாரோடதோ அவங்கதான் அந்த எழுத்தைக் குடுக்கணும், மெயில்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க.

பழைய டிராஃப்ட்ஸ்மேன்: நான் அனுப்பினது ஒண்ணும் திரும்பி வரலையே.