முன்பள்ளிக் குழு: பணம் வரும்வரை எதை முதலில் கொடுப்பது?

வதனி அக்கா: அனைவருக்கும் வணக்கம். ஜனவரி 10ஆம் திகதி வரவேண்டிய லண்டன் ஊர்ச் சங்கத்தின் பணம் மார்ச் முடிவுக்கு முன்னர் வராது என்று நேற்றிரவு அறிவித்திருக்கிறார்கள். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை இந்த வாரத்திற்குள் முடிவு செய்ய வேண்டும்.

செல்வி (நிலாவெளி): அப்படியென்றால் பிள்ளைகளின் கட்டணத்தைக் கூட்டப்போகிறீர்களா?

வதனி அக்கா: இல்லை, செல்வி. செலவைப் பற்றித்தான் கேட்கிறேன்.

குகன் (டொரொன்டோ): வங்கிக் கணக்கில் 560,000 ரூபாய் இருப்பதை நான் பார்த்தேன். பிறகு என்ன அவசரம்?

சிவபாலன் மாமா: குகன், அதில் 150,000 ரூபாய் பெரியத்தை தன் கணவரின் நினைவாகக் கூரைக்கென்று கொடுத்தது. அது நம் கணக்கில் இருந்தாலும் நம்முடைய காசு அன்று. எனவே கையிலிருப்பது 410,000. மாதச் செலவு, அதாவது ஆசிரியர்களின் சம்பளம், சேமலாப நிதி, காலை உணவு, வாடகை, மின்சாரம், தண்ணீர், சாம்பல்தீவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கான ஆட்டோ எல்லாம் சேர்ந்து, ஏறக்குறைய 237,000. கட்டணமாக உண்மையில் வருவது மாதம் 26,000. எல்லோரும் கட்டினால் 38,000 வரும், ஆனால் கட்டுவதில்லை. இதன்படி ஜனவரி முடிவில் 199,000 மிஞ்சும், பெப்ரவரி முடிவில் 12,000 குறையும், மார்ச் முடிவில் குறை 223,000 ஆகும். ஆகவே நமக்கு இடிக்கப்போவது மார்ச்சில் அன்று, பெப்ரவரிச் சம்பள நாளில்.

ரவி: விளையாட்டு விழாவையும் சுவர் வர்ணத்தையும் நிறுத்திவிட்டால் 145,000 மிச்சம். பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சிவபாலன் மாமா: அவற்றை நிறுத்துவது சரிதான், தம்பி. ஆனால் நான் சொன்ன 237,000இல் அவை இல்லை. இல்லாத காசில் செய்ய நினைத்ததை விடுவதால் பற்றாக்குறை பெரிதாகாமல் இருக்குமேயொழிய ஒரு சதமும் குறையாது.

ரவி: 2018ஆம் ஆண்டு விழாவின் ஒலிபெருக்கிக்காரரின் பாக்கியை நான்தான் அடைத்தேன் என்பதையும் யாராவது நினைவில் வைத்திருக்கலாம்.

மலர் ரீச்சர்: அதை யாரும் மறக்கவில்லை, ரவி. நீங்கள் மறக்க விடவுமில்லை.

குகன் (டொரொன்டோ): அப்படியானால் ஆட்டோவை நிறுத்துங்கள். ஆறு பிள்ளைகளுக்காக மாதம் 24,000 கொடுப்பது நியாயமா?

வதனி அக்கா: அந்த ஆறு பேரும் மூன்று மாதம் வராவிட்டால் பின்னர் திரும்ப மாட்டார்கள், குகன். 2020இல் மூடித் திறந்தபோது அதைக் கண்டோம்.

சிவபாலன் மாமா: நான் கச்சேரியில் 31 ஆண்டுகள் கணக்கெழுதியவன், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தச் செலவு முக்கியம் என்று கேட்டால் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்ததைச் சொல்வார்கள். அதற்குப் பதிலாக, இந்த மாதம் கொடுக்காவிட்டால் என்ன உடையும், உடைந்ததைப் பின்னர் அதே விலைக்கு ஒட்டவைக்க முடியுமா என்று கேட்போம். சுவர் வர்ணத்தை ஓராண்டு தள்ளினாலும் சுவர் நிற்கும். ஆசிரியர் போய்விட்டால் பிள்ளைகளைப் பழக்கிய இன்னொருவரை மார்ச்சில் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் சம்பளம் முதலாவது, அதோடு ஒட்டியே சேமலாப நிதி. நாம் செலுத்தும் 12 வீதமும், ஆசிரியரின் சம்பளத்தில் பிடிக்கும் 8 வீதமும் அடுத்த மாத முடிவுக்குள் போய்ச் சேரவேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி, நாட்கள் கூடக்கூட 50 வீதம் வரை ஏறும். அந்த 8 வீதம் ஆசிரியருடைய காசு; அதைப் பிடித்துவிட்டுச் செலுத்தாமல் வேறொன்றுக்குச் செலவிடுவது கடனும் அன்று.

மலர் ரீச்சர்: நான் பெப்ரவரியில் அரைச் சம்பளம் எடுக்கத் தயார்.

சிவபாலன் மாமா: உங்கள் மனம் பெரியது, ரீச்சர். ஆனால் நீங்கள் அப்படிச் சொன்னதும் உதவியாளரும் சொல்லியாக வேண்டிய நிலை வரும், அவரால் முடியாது. சம்பளத்தை இறுதியில்தான் தொடவேண்டும்.

ரவி: மின்சாரத்தைக் குறைக்கலாமே? மின்விசிறிகளை நிறுத்தலாம்.

வதனி அக்கா: மின்சாரமும் தண்ணீரும் சேர்த்து 6,000 தான். அதில் ஆயிரத்தை மிச்சம் பிடிக்க நாம் ஒரு மணித்தியாலம் பேசுவோம். நான் கேட்பது காலை உணவைப் பற்றி. 38 பிள்ளைகள், 20 நாள், ஒருவருக்கு 80 ரூபாய். அதை நிறுத்த என்னால் முடியாது.

சிவபாலன் மாமா: நிறுத்தவேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். கஞ்சியும் பயறும் சம்பளத்துக்கு அடுத்த இடத்தில் இருக்கட்டும். முட்டையையும் பழத்தையும் வாரத்தில் ஒருநாளாக்கினால் 80 ரூபாய் 60 ஆகும். மாதம் 15,200, மூன்று மாதத்தில் 45,600. வாடகையில் பெப்ரவரி, மார்ச் இரண்டையும் ஏப்ரலில் தருவதாகக் கந்தையா அண்ணையிடம் கேட்டால் 50,000. ஆனால் அது குறைப்பு அன்று, தள்ளிவைப்பு. ஏப்ரலில் திரும்பி வந்து கதவைத் தட்டும். ஆகவே தள்ளிவைத்தவற்றைத் தனிப் பக்கத்தில் எழுதிவைக்கவேண்டும். லண்டன் பணம் வந்த அன்று முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டவேண்டும்.

செல்வி (நிலாவெளி): கத்தாரிலிருந்து இவர் அனுப்பும் காசு இரண்டு மாதம் பிந்தியபோது நான் சங்கிலியை அடகு வைத்தேன். மீட்பதற்குப் பதினொரு மாதம் எடுத்தது. முதல் வாரமே கடைக்கணக்கைக் குறைத்திருந்தால் சங்கிலி கழுத்திலேயே இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

சிவபாலன் மாமா: நான் சொல்ல வந்ததையே செல்வி சொல்லிவிட்டார். உணவில் இன்று கைவைத்தால் மூன்று மாதத்து மிச்சம், மார்ச்சில் கைவைத்தால் ஒரு மாதத்து மிச்சம்தான்.

வதனி அக்கா: ஆட்டோவுக்குப் பெற்றோர் பெப்ரவரி, மார்ச் இரண்டிலும் பாதி தந்தால் 24,000. உணவு, வாடகை, ஆட்டோ மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 120,000. இன்னும் 103,000 துண்டு விழுகிறது, மாமா.

குகன் (டொரொன்டோ): கூரைப் பணத்திலிருந்து எடுத்து, லண்டன் பணம் வந்ததும் வைத்துவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

பெரியத்தை: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன், மகன்.

ரவி: 😄

பெரியத்தை: கூரை எந்த வகுப்பின் மேல் ஒழுகுகிறது?

வதனி அக்கா: சின்னவர்களின் மூலையில், பெரியத்தை. வாளி வைத்திருக்கிறோம். அடுத்த மாரி ஒக்டோபரில் தொடங்குவதால் செப்டெம்பருக்குள் வேலை முடிந்தால் போதும் என்று மேசன் சொல்கிறார்.

பெரியத்தை: அப்படியென்றால் 50,000 வரை எடுங்கள். ஆனால் பணம் எந்தத் திகதியில் வரும் என்று சங்கம் எழுத்தில் தந்த பிறகே எடுக்கவேண்டும். தொலைபேசியில் சொன்னது போதாது. எடுத்ததையும் திருப்பி வைக்கும் நாளையும் சிவபாலன் எழுதிக் கையொப்பமிடவேண்டும்.

சிவபாலன் மாமா: நல்லது, அத்தை. பெப்ரவரி 15க்குள் கடிதம் வராவிட்டால் வாரத்தில் நான்கு நாள் நடத்துவதைப் பற்றி அன்று பேசுவோம். சம்பள நாளுக்கு முந்திய இரவுவரை காத்திருக்கவேண்டாம்.

மலர் ரீச்சர்: நான்கு நாளாக்கினால் வேலைக்குப் போகும் தாய்மார் ஐந்தாம் நாள் பிள்ளையை எங்கே விடுவார்கள்? அதை நான் இப்போதே எதிர்க்கிறேன்.

குகன் (டொரொன்டோ): மீதி 53,000?

ரவி: கட்டணம் கட்டாத பன்னிரண்டு பேரும் கட்டினால் மூன்று மாதத்தில் 36,000 வருமே.

வதனி அக்கா: அவர்களில் ஐந்து பேரிடம் நான் கேட்கவே மாட்டேன். காரணம் உங்களுக்கும் தெரியும். மற்ற ஏழு பேரிடம் கேட்கிறேன். கந்தையா அண்ணையிடம் யார் போவது?

சிவபாலன் மாமா: என்னைத் தவிர வேறு யாராவது. மதில் விவகாரத்திற்குப் பிறகு அவர் என்னோடு பேசுவதில்லை.

வதனி அக்கா: ரவி?

ரவி: ஞாயிறு பின்னேரம் பார்க்கிறேன்.