லேனர்ஸ் பக்கத்தைச் சனம் பார்க்குது, ஆனா போன் வருகுதில்ல. எழுத்தில் என்ன பிழை?

உவர்மலைத் தம்பி

மாமா திருமலை டவுனுக்குள்ள ஒரு லேனர்ஸ் நடத்துறார். ரெண்டு கார், ஒரு ஆட்டோ, ஒரு பைக். அவருக்கு நான் ஒரு பக்கம் மட்டும் உள்ள சைட் ஒண்டு செய்து, பேஸ்புக்கில காசு கட்டி விளம்பரமும் போட்டன். 18 நாளில 340 பேர் விளம்பரத்தை அழுத்திப் பக்கத்துக்கு வந்திருக்கிறாங்க. போன் வந்தது நாலு. அதில ரெண்டு பேர் "எவ்வளவு?" எண்டு கேட்டுட்டு வைச்சிட்டாங்க. ஒண்டு ராங் நம்பர். ஒரு ஆள்தான் சேர்ந்தது.

பக்கத்தில இருக்கிற எழுத்து இதுதான்:

> நல்வரவு! திருகோணமலையின் தலைசிறந்த சாரதி பயிற்சிப் பாடசாலை. அனுபவம் மிக்க பயிற்றுநர்கள். நவீன வாகனங்கள். குறைந்த கட்டணம். 100% சித்தி உறுதி. மேலதிக விபரங்களுக்கு எங்களைத் தொடர்பு கொள்ளுங்கள்.

மேல பெரிய படம், அதிலேயே போன் நம்பர் எழுதியிருக்கு. கடைசியில "தொடர்பு கொள்ள" எண்டு ஒரு பட்டன். எழுத்தை மாத்தச் சொல்லுங்க, மாத்துறன்.

பழைய அச்சகன்

நான் 20 வருஷம் நோட்டீஸ் அடிச்ச ஆள். தம்பி, நம்பர் சின்னனா இருந்தா ஒருத்தரும் எடுக்க மாட்டாங்க. சிவப்பில பெரிசாப் போடு, மேலயும் போடு, கீழயும் போடு. கட்டணத்தை மட்டும் எழுதிடாத. எழுதினா அதைப் பார்த்திட்டுப் போயிடுவாங்க. எழுதாட்டித்தான் கேக்கிறதுக்கு எடுப்பாங்க.

எழுத்துக்கூலி

தம்பி, எழுத்துக்கு வர முதல் ரெண்டு விஷயம் கேக்கிறன். அந்தப் பட்டனை உங்கட போனில நீங்களே அழுத்திப் பார்த்தீங்களா? லப்டொப்பில இல்ல, போனில. மற்றது, அந்த நம்பர் ஆற்ற கையில இருக்கு?

உவர்மலைத் தம்பி

லப்டொப்பில மட்டும்தான் பார்த்தன் அண்ணே. நம்பர் மாமாவின்ட.

...இப்ப போனில அழுத்திப் பார்த்தன். பிழையான இலக்கம் எண்டு சொல்லுது! கோட் இது:

```
<a href="tel:+94077XXXXXXX">தொடர்பு கொள்ள</a>
```

எழுத்துக்கூலி

நினைச்சன். +94 போட்டா முன்னுக்கு இருக்கிற 0 போகவேணும். ரெண்டும் சேர்ந்து நிண்டா இணைப்புக் கிடைக்காது. வட்ஸ்அப் லிங்கிலயும் 0 வராது, அங்க + கூட வேண்டாம்.

```
<a href="tel:+9477XXXXXXX">
<a href="https://wa.me/9477XXXXXXX">
```

அப்ப உங்களுக்கு வந்த நாலு போனும் பட்டனால வந்ததில்ல. படத்தில இருந்த நம்பரைக் கண்ணால பார்த்து, ஒவ்வொண்டா அமத்தி எடுத்த ஆக்கள். அவ்வளவு பாடுபட்டும் எடுத்திருக்கிறாங்க எண்டா, தேவை இருக்கிற சனம்தான் பக்கத்துக்கு வருகுது. இனி மாமாவின்ட போனில மிஸ்ட் கோலை எண்ணிப் பாருங்க. விளம்பரம் ஓடின 18 நாளும், தெரியாத நம்பர் மட்டும்.

உவர்மலைத் தம்பி

11. எனக்கே வெக்கமா இருக்கு. பழக்கிற நேரம் போனை சைலண்டில போட்டு வைச்சிருக்கிறார். பின்னேரம் பார்த்தாலும் திருப்பி எடுக்கிறேல்ல, "தேவையெண்டா அவன் எடுப்பான்" எண்டு சொல்லுறார்.

எழுத்துக்கூலி

அவரைக் குறை சொல்லேலாது. பக்கத்து சீட்டில இருந்து, காலை ரெண்டாவது பிரேக்கில வைச்சுக்கொண்டு, கண்ணை மான் எங்க குறுக்க பாயுது எண்டு வைச்சிருக்கிற ஆள் போன் எடுக்கக் கூடாதுதான். (திருமலையில பழகின ஆக்களுக்கு விளங்கும்.) பக்கத்தில குடுக்கிற நம்பர் வேற ஆளிட்ட இருக்கவேணும். வீட்டில ஆர் இருக்கிறாங்க?

உவர்மலைத் தம்பி

மாமி இருக்கிறா. முந்தி ரீச்சர், நல்லாக் கதைப்பா.

பாலையூற்று

இடையில வாறதுக்கு மன்னிக்கவும். என்னட்ட ஆட்டோ லைசன்ஸ் மட்டும்தான் இருக்கு. காருக்கும் எடுக்க நினைக்கிறன். திரும்பவும் எழுத்துச் சோதினை எழுதோணுமா, இல்லாட்டி ட்ரையல் மட்டும் போதுமா? ஆராவது தெரிஞ்சா சொல்லுங்க.

பழைய அச்சகன்

தம்பி இது அதுக்கான இடமில்ல.

எழுத்துக்கூலி

அச்சகண்ணே, இல்ல, இதுதான் அதுக்கான இடம். பாலையூற்று, உங்கட லைசன்ஸில என்னென்ன வகுப்புப் போட்டிருக்கு, எப்ப எடுத்தது எண்டு பார்க்காம நான் சொன்னா அது ஊகம். லைசன்ஸைக் கையில வைச்சுக்கொண்டு ஒரு லேனர்ஸுக்கோ மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கோ கேளுங்க.

உவர்மலைத் தம்பி, இந்தக் கேள்வியை நல்லா வாசிங்க. இதுக்கு ஒரு பக்கத்தில பதில் எழுதேலாது, ஏனெண்டா பதில் ஆளுக்கு ஆள் மாறும். அப்பிடிப்பட்ட கேள்விதான் ஒரு ஆளைப் போன் எடுக்க வைக்கும். எல்லாருக்கும் ஒரே பதில் உள்ள விஷயத்தை, கட்டணம், எந்த ஏரியாவுக்கு வந்து ஏத்துவீங்க, எத்தனை மணிக்கு வகுப்பு எண்டதை, எழுதிடுங்க. அதை மறைச்சா சிலர் எடுப்பாங்கதான், ஆனா "எவ்வளவு?" எண்டு கேட்டுட்டு வைக்கிறவங்கதான் எடுப்பாங்க. உங்களுக்கு வந்த நாலில ரெண்டு அதுதானே. அச்சகண்ணே சொன்னதில ஒண்டு மட்டும் சரி. போன் மணி அடிக்கும். ஆனா ஆள் சேராது.

கிண்ணியா ராத்தா

நான் அந்தப் பக்கத்தைப் பார்க்கல்ல, ஆனா போன மாசம் இது மாதிரி வேற ஒண்டைப் பார்த்து எடுக்காம விட்டவ. ஏன் எண்டு சொல்றன். பழக்கிறது ஆம்பிளையா பொம்பிளையா எண்டு ஒரு இடத்திலயும் இல்ல. எடுத்துக் கேக்கவும் கூச்சம். ஆம்பிளைக் குரல் எடுத்தா அந்தக் கேள்வியையே கேக்க மாட்டன். இன்னொண்டு, படத்தில ஸ்டேரிங் இடது பக்கம். எந்த நாட்டுக் காரோ. இவங்க உண்மையில இருக்கிறாங்களா எண்டே சந்தேகம் வந்திட்டுது.

உவர்மலைத் தம்பி

ஐயோ ராத்தா, என்ட படமும் அதேதான். இன்டர்நெட்டில எடுத்தது. இப்ப பார்க்கிறன், இடது பக்கம்தான்! மாமியின்ட தங்கச்சியும் பழக்குறவ, செவ்வாய், வியாழன், சனி. அதை எழுதோணும் எண்டு எனக்குத் தோணவே இல்ல.

எழுத்துக்கூலி

எல்லாத்தையும் விட அந்த ஒரு வரி பெறுமதியானது. அதை எடுத்து மேல வையுங்க.

"100% சித்தி உறுதி"யைத் தூக்குங்க. ட்ரையலில பாஸ் போடுறது திணைக்களத்து ஆள், மாமா இல்ல. அந்த வரியை வாசிக்கிறவங்க ரெண்டு விதமா நினைப்பாங்க: ஒண்டு பொய், இல்லாட்டி உள்ளுக்குக் காசு குடுத்து எடுக்கிறாங்க. ரெண்டும் மாமாவுக்கு நல்லதில்ல. "தலைசிறந்த", "அனுபவம் மிக்க", "நவீன" எல்லாம் ஊரில இருக்கிற எல்லா லேனர்ஸ் போர்டிலயும் இருக்கு, அதால ஒண்டும் சொல்லாது. "சாரதி பயிற்சிப் பாடசாலை"யைக் கீழ பெயரோட வைச்சிருங்க. தலைப்பில சனம் வாயால சொல்ற சொல் இருக்கட்டும்: லைசன்ஸ்.

நான் எழுதினா இப்பிடி வரும். கட்டணத்தையும் எத்தனை வகுப்பு எண்டதையும் நீங்க நிரப்புங்க, ஏரியாவும் நேரமும் நான் சும்மா போட்டது, உங்கட படி மாத்துங்க:

> ஸ்டேரிங் பிடிச்சே பழக்கமில்லையா? திருமலையில் கார் லைசன்ஸ், முதல் நாளிலிருந்து பழக்குறம்.
> பெண்களுக்குப் பெண் பயிற்றுநர்: செவ்வாய், வியாழன், சனி.
> உவர்மலை, உப்புவெளி, பாலையூற்று: வீட்டு வாசலில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்குவம். வேலைக்குப் போறவங்களுக்குக் காலை 6 மணி வகுப்பு.
> கட்டணம்: ___ வகுப்புக்கு ரூபா ___. மருத்துவச் சான்றிதழும் திணைக்களக் கட்டணமும் இதில் சேராது.
> பைக், ஆட்டோ லைசன்ஸ் ஏற்கனவே இருக்கா? உங்களுக்கு என்ன மிச்சம் எண்டு கேளுங்க.
> [எனக்கு எத்தனை வகுப்பு வேணும்? கேட்க அழைக்கவும்]
> காலை 8 தொடக்கம் இரவு 8 வரை எங்கட மாமி எடுப்பா. கதைக்க விருப்பமில்லாட்டி வட்ஸ்அப்பில எழுதலாம்.

பட்டனில "தொடர்பு கொள்ள" எண்டு வேண்டாம். அழுத்தினா என்ன கிடைக்கும் எண்டது பட்டனில இருக்கவேணும். ஆர் எடுப்பாங்க எண்டதை பட்டனுக்குக் கீழயே எழுதுங்க. கிண்ணியா ராத்தா மாதிரி ஆக்களுக்கு அந்தச் சின்ன வரிதான் போனைத் தூக்க வைக்கும். போனில பக்கம் திறந்த உடனே, கையால தள்ளாமலே பட்டன் தெரியவேணும். படத்துக்கு மாமாவின்ட காரையே எல் போர்ட்டோட எடுங்க. மங்கலா இருந்தாலும் பரவாயில்ல.

பழைய அச்சகன்

கட்டணம் போடுறதில நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்ல. பக்கத்து லேனர்ஸ்காரன் அதைப் பார்த்து 1,000 ரூபா குறைச்சுப் போடுவான். நோட்டீஸ் காலத்தில நான் கண்ணால கண்டது.

எழுத்துக்கூலி

அது நடக்கும், இல்ல எண்டு சொல்லமாட்டன். மாமா விருப்பமில்லாட்டி கட்டணத்தை விட்டாலும், எது அதில சேரும், எது சேராது எண்ட வரியையாவது விடாதீங்க. கடைசி நாளில "இதுக்கும் தனிக்காசா?" எண்டு சண்டை வாறது அங்கதான்.

உவர்மலைத் தம்பி (10 நாளுக்குப் பிறகு)

மாத்திப் போட்டாச்சு. மாமா கட்டணம் போட விடேல்ல, சேரும் சேராது எண்ட வரி மட்டும் இருக்கு. 160 பேர் வந்து 14 போன், 5 வட்ஸ்அப். மாமி எல்லாத்தையும் கொப்பியில எழுதி வைக்கிறா. பெண் பயிற்றுநர் எண்டு கேட்டது 6 பேர், முந்தி வேற லைசன்ஸ் இருக்கு எண்டு 4 பேர். "எவ்வளவு" மட்டும் கேட்டு வைச்சது 3. சேர்ந்தது 5 பேர். எழுத்துதான் வேலை செய்தது போல!

எழுத்துக்கூலி

சந்தோஷம். ஆனா எழுத்துதான் எண்டு சொல்லேலாது தம்பி. பட்டன் வேலை செய்யத் தொடங்கினதும், மாமி போனை எடுக்கத் தொடங்கினதும், எழுத்து மாறினதும் ஒரே நாளில. எது எவ்வளவு செய்தது எண்டு இப்ப பிரிக்க ஏலாது. ராத்தா சொன்ன வரிக்கு 6 பேர் எண்டது மட்டும் தெளிவு, கேட்டது அதைத்தானே. கட்டணத்தை ரெண்டு கிழமைக்குப் போட்டுப் பாருங்க, வேற ஒண்டையும் தொடாம. மாமியின்ட கொப்பி சொல்லும்.

கிண்ணியா ராத்தா

மகன், கிண்ணியாவுக்கும் வந்து ஏத்துவீங்களா? பாலத்துக்கு இங்கால.

உவர்மலைத் தம்பி

மாமாட்ட கேட்டன் ராத்தா. டீசலைச் சொல்றார். நாலு பேர் ஒண்டாச் சேர்ந்தா ஒரு நாள் வரலாமாம்.

எழுத்துக்கூலி

அந்த வரியை அப்பிடியே பக்கத்தில போடுங்க தம்பி. "கிண்ணியா: 4 பேர் சேர்ந்தால் வருவம், பெயரைச் சொல்லி வையுங்க."