குரல் பதிவை எழுத்தாக்குவதற்கு என்ன சொல்?

கலா, சுங்கை சிப்புட்:
வணக்கம். எங்கள் தோட்ட அக்காமார்களுக்குக் கைபேசிக் கையேடு ஒன்று எழுதுகிறேன். புலனத்தில் வரும் குரல் பதிவை எழுத்தாக மாற்றுவதற்கு என்ன சொல்வது? ‘ஒலிபெயர்ப்பு’ என்று எழுதி அழித்துவிட்டேன். ஒரு மொழிச் சொல்லை வேறு மொழி எழுத்தில் எழுதுவதற்கு அது போய்விட்டதே. ‘குரலெழுத்து’ சரியா?

முருகையா:
கலாம்மா, குரலெழுத்து என்றால் நாம் சொல்லச் சொல்லக் கைபேசி தட்டச்சு செய்வது என்றுதான் படும். ‘படியெடுப்பு’ என்றால் உயிரியல்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதுமட்டுமில்லை, நிறுவனம் உட்கார்ந்து கேட்டு எழுதித் தருவதற்கு நாம் ஏன் அழகான பெயர் வைக்க வேண்டும்?

தேவி:
சார், அது பாதிதான் சரி. 2024 நவம்பரில் வாட்ஸ்அப் அறிவித்த வசதியில் மொழிக்கோப்பு கைபேசியிலேயே இறங்கிவிடும். வேலையும் அங்கேயே நடக்கும். எழுத்து நம் கைபேசியில் மட்டும், அனுப்பியவருக்குக்கூடத் தெரியாது.

சிக்கல் வேறு இடத்தில். என் ஐபோனின் மொழிப் பட்டியலில் மலாய் உண்டு, தமிழ் இல்லை. அதனால் தமிழ்ப் பதிவை வேறொரு சேவையின் எண்ணுக்கு அனுப்பி எழுதி வாங்குகிறார்கள். அந்தக் கணமே பூட்டு திறந்துவிடுகிறது. பேசியவருக்கும் பெறுபவருக்கும் நடுவில்தான் மறையாக்கம். மூன்றாமவருக்கு அனுப்பினால் அந்தச் சேவைக்காரரும் பெறுபவர்தான்.

என் பெரியம்மா கிளினிக்கிலிருந்து பேசி அனுப்பினார்: “மாத்திரை அரை, காலையிலும் ராத்திரியிலும்.” லாரி இரைச்சலில் கேட்கவில்லை என்று என் தம்பி அதை அப்படி ஒரு சேவைக்கு அனுப்பினான். வந்த எழுத்தில் “மாத்திரை காலையிலும் ராத்திரியிலும்”. ‘அரை’ போய்விட்டது, வாக்கியம் மட்டும் ஒழுங்காக இருந்தது. உளறலாக வந்திருந்தால் உஷாராகியிருப்பான். எண்ணும் ‘இல்லை’யும் வரும் இடத்தை மறுபடி காதால் கேட்க வேண்டும். பெரியம்மாவின் சர்க்கரை விவரம் எங்கே போயிற்று என்று அவருக்கு இன்னும் தெரியாது. சொல்லவும் எங்களுக்கு வாய் வரவில்லை.

அந்தோணி:
செம்பனை ஆலையில முப்பது வருஷம், காது மந்தம். பேத்தி அனுப்புறதைப் படிச்சாத்தான் எனக்குப் புரியும். அவ இங்கிலீஷ்லதான் பேசுவா. பேரு அப்புறம் வைங்க, எங்க போயி அமுக்கணும்?

தேவி:
அண்ணே, `Settings > Chats > Voice message transcripts`. அங்கே ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்க. அப்புறம் பதிவை அழுத்திப் பிடிச்சு `Transcribe`. தமிழ்ப் பேச்சுக்கு மலாயை வைச்சுடாதீங்க; எழுத்து வராது, இல்லேன்னா சம்பந்தமில்லாத மலாய்ச் சொல் வரும்.

கலா:
அப்படியானால் இரண்டு சொல் வேண்டுமோ? கைபேசிக்குள் நடந்தால் ‘அகப்பெயர்ப்பு’, வெளியே போனால் ‘புறப்பெயர்ப்பு’. பொதுவாக ‘பேச்சுப்பெயர்ப்பு’.

முருகையா:
அகமும் புறமும் பிடித்திருக்கிறது. ‘பேச்சுப்பெயர்ப்பு’ மட்டும் மேடையில் பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பவரைச் சொல்வதுபோல இருக்கிறது. ‘பேச்செழுத்து’ என்று போட்டுப் பாருங்கள்.

கலா:
அதைப் பேச்சுத்தமிழில் எழுதுவது என்று எடுத்துக்கொள்வார்களே சார். ஞாயிறு வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்க்கிறேன்.