புதுப்பிப்பு: சைலன்ட் ரிஃப்ளக்ஸ், காலையில் குரல் கம்மல்

"ராத்திரி நெஞ்செரிச்சல், காலையில் குரல் கம்மி தொண்டை எரியுது, சாப்பாட்டில் எதை மாற்றணும்?"

முன்பு நான் இங்கே கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. சைலன்ட் ரிஃப்ளக்ஸ் என்பது வயிற்று அமிலம் தொண்டை வரை ஏறி வருவது. கைகொடுத்தது தொண்டி அக்கா சொன்னதுதான்: படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பது. மீன்குழம்பு மதியத்துக்குப் போனது. இரவில் இட்லியும் புளி சேராத பாசிப்பருப்பும்.

தலையை உயர்த்தச் சொன்ன பாம்பன் அண்ணன் பாதி சரி. தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கி எரிச்சல் கூடுகிறது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அரையடிக்குச் செங்கல் வைத்ததும் அடங்கியது.

எதிர்பாராதது, செரிமானத்துக்கென்று குடித்த புதினா டீயை விட்டதும் இன்னும் குறைந்தது. சைனஸ் என்றவருக்கு: எனக்கு மூக்கடைப்பே இல்லை.

எரிச்சல் சீக்கிரம் போனது, குரல் தெளியத்தான் மாதக்கணக்கானது. கம்மல் நாலு வாரம் தாண்டியதால் தொண்டை மருத்துவரிடம் குரல்நாணையும் காட்டினேன், கட்டி எதுவுமில்லை. காலை டீ ஆகுமா என்பது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.