புதுப்பிப்பு: ஆதாரில் ஒரு பிறந்த தேதி, பானில் வேறு தேதி, அம்மாவின் வங்கிக் கணக்கு திறந்தாச்சு

அன்று கேட்டது: "அம்மாவுக்கு ஆதாரில் 01/01/1965, பானில் 12/06/1965. கணக்குத் தொடங்கும் படிவத்தில் எதை எழுதுவது?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. வேலைக்கு ஆனது ஓய்வுபெற்ற வங்கி அண்ணன் சொன்னது: படிவத்தைத் தொடாதே, முதலில் எந்த அட்டை தப்பு என்று பார். அம்மாவின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் 12/06 இருந்தது. அப்படியானால் பான் சரி, ஆதார்தான் தப்பு. உசிலம்பட்டி ஆதார் மையத்தில் அந்தச் சான்றிதழை அசலாகக் காட்டி மாற்றினோம். பிறந்த தேதியைப் பொதுவாக ஒரு முறைதான் மாற்ற விடுவார்கள். அதனால் ஒப்புகைச் சீட்டில் கையெழுத்திடும் முன் நாள், மாதம் இரண்டையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

நோட்டரி பத்திரம் போதும் என்றார் ஒரு தம்பி. தேதிக்கு எங்கள் கிளையில் அது எடுபடவில்லை.

எதிர்பாராதது முகவரி. ஆதாரில் உசிலம்பட்டி, இப்போது குடியிருப்பது திருமங்கலம். அதற்காக ஆதாரை மாற்றச் சொல்லவில்லை. விரல் ரேகை வைத்துச் சரிபார்த்ததால், இப்போதைய முகவரிக்கு அம்மா கையெழுத்திட்ட சுய உறுதிமொழியே போதுமானது.

பெயர் மட்டும் இன்னும் இரண்டு அட்டையிலும் பொருந்தவில்லை. ஆதாரில் இனிஷியல், பானில் தாத்தா பெயர் முழுதாக. இந்தக் கிளை ஏற்றது. வேறு கிளையில் என்ன சொன்னார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.