'சீடு' எண்ணுக்கு ஒரு சொல், வெள்ளிக்குள்

மாலதி:
வணக்கம். படம் ஆக்கும் மென்பொருள் ஒன்றின் பயிற்சிக் குறிப்பை மொழிபெயர்க்கிறேன், வெள்ளியன்று கொடுக்க வேண்டும். ஒரே ஒளிப்படத்தை நீர்வண்ணம், கரிக்கோல், எண்ணெய் ஓவியம் என மாற்றி ஒப்பிடும் பாடம். தூண்டுரையில், அதாவது நாம் எழுதிக் கொடுக்கும் prompt-இல், பாணியின் பெயரை மட்டும் மாற்று, seed என்னும் 'சீடு' எண்ணை மாற்றாதே என்கிறது. சீடுக்கு 'விதை' சரிவருமா?

கதிரவன்:
வித்தெண். வித்து குற்றியலுகரம், எண் வந்ததும் உகரம் தானே ஓடிவிடும். விதையெண்ணில் யகரத்தைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. வித்துக்குக் காரணம் என்ற பொருளும் உண்டு.

சலீம்:
ஐயா, வகுப்பில் அதைச் சொன்னால் 'வித்தேன்' என்றுதான் காதில் விழும். விதையெண் போதும். விதைக்குள் மரம் போல அந்த எண்ணுக்குள் படம் இருக்கிறது, பொருத்தமும்கூட.

நிர்மலா:
சலீம், எண்ணுக்குள் படம் இல்லை. ஒளிப்படத்தின் மேல் இரைச்சல் புள்ளிகள் எப்படி விழவேண்டும் என்பதைத்தான் அது முடிவு செய்கிறது. படத்தின் அகலத்தை மாற்றினாலே அதே எண் வேறு விதமாகத் தூவும்.

சன்னலோரம் கைகோத்து அமர்ந்த ஒரு மூதாட்டியின் படத்தை, மாற்ற வலிமை 0.5 வைத்து மூன்று பாணியிலும் ஓட்டினேன். எண்ணைக் கவனிக்கவில்லை. நீர்வண்ணத்தில் மட்டும் இரண்டு விரல்கள் ஒட்டிக்கொண்டன. பாணியே ஆகாது என்று ஒதுக்கப் பார்த்தேன். அப்புறம் அதற்கு வாய்த்த 4127-ஐயே மற்ற இரண்டுக்கும் கொடுத்தேன். கரிக்கோலிலும் எண்ணெயிலும் அதே விரல்கள் ஒட்டின! வேறோர் எண்ணில் மூன்றிலும் பிரிந்து நின்றன. கோளாறு தூவலில், பாணியில் இல்லை. அதனால் ஒரே எண்ணை நம்பியும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நான்கு எண்களை எடுத்து, எல்லாப் பாணிக்கும் அதே நான்கையும் கொடுங்கள்.

செல்வம்:
நான் எண்ணை நிறுத்தி வைத்தும் ஒரே ஓட்டத்தில் நான்கு படங்கள் நான்கு விதமாக வந்தனவே?

நிர்மலா:
பல மென்பொருள்கள் ஓட்டத்தின் ஒவ்வொரு படத்துக்கும் எண்ணில் ஒன்று கூட்டிக்கொள்ளும். ஒரு பாணியின் முதல் படத்தை மற்றப் பாணியின் முதல் படத்தோடு ஒப்பிடுங்கள். எண்ணை இடும் பெட்டியில் `-1` இருந்தால் எண்ணே நிற்காது, ஒவ்வொரு முறையும் புதிது வரும்.

கதிரவன்:
நிர்மலா சொல்வதைப் பார்த்தால் வேலை முளைப்பதல்ல, தூவுவது. அப்படியானால் 'தூவெண்'! ஊறுகாய் போல வினைத்தொகை. தூவிய எண், தூவுகின்ற எண், தூவும் எண், முக்காலமும் அடங்குகிறது. வித்தெண்ணை நானே கைவிடுகிறேன்.

சலீம்:
அழகுதான். ஆனால் திரையில் விதைப் படம் போட்ட பொத்தானைப் பார்ப்பவருக்கு அது எப்படிப் புரியும்?

மாலதி:
சரி, இப்போதைக்கு விதையெண் என்றே போடுகிறேன். விதைக்குள் மரம் உவமை வேண்டாம், நிர்மலாவின் விரல் கதையைச் சேர்க்கிறேன்.

கதிரவன்:
போடுங்கள் அம்மா. என் வகுப்பில் தூவெண்தான். அதிருக்கட்டும், 'தூண்டுரை'யை இங்கே எப்போது ஏற்றுக்கொண்டோம்?